நாலு புட்டியும் ஒரு தேதியும்

பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு சொல்லைத்தான் தேடும். புற்று என்ற அந்தச் சொல் இல்லை என்று தெரிந்தவுடன் பெருமூச்சு விட்டு, தாளை மடித்துக் கவரில் செருகி, அலமாரியில் போட்டுவிடுவார்கள். அந்தத் தாளை எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். இவ்வளவு அழகான ஓர் எழுத்து படிக்கப்படாமலே போகிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. பெருங்குடலில் எடுத்த பாலிப்பைப் பற்றி எழுதப்படும் அந்த ஐந்தாறு வரிகளில் வீண் சொல் கிடையாது. அடுத்த கொலோனோஸ்கோபிக்கு மூன்று ஆண்டில் வரவேண்டுமா, பத்து ஆண்டு பொறுக்கலாமா என்பது அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. வாருங்கள், ஒரு ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 58. குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்று இல்லை. கொலோனோஸ்கோபியில் நாலு பாலிப் கண்ணில் பட்டு, நாலும் எடுக்கப்பட்டு, நாலு சிறு புட்டிகளில் ஃபார்மலினில் மிதந்தபடி ஆய்வகத்துக்கு வந்திருக்கின்றன. முதல் புட்டியில் வலப்பக்கம் ஏறும் குடலிலிருந்து எடுத்த 6 மில்லிமீட்டர் பாலிப். இரண்டாவதில் குறுக்குக் குடலிலிருந்து 3 மில்லிமீட்டர். மூன்றாவது கொஞ்சம் பெரியது. இடப்பக்கம் வளைந்து இறங்கும் சிக்மாய்டு குடலில் காம்போடு தொங்கிக்கொண்டிருந்த 12 மில்லிமீட்டர். நாலாவது மலக்குடலிலிருந்து வந்த ஒரு 3 மில்லிமீட்டர் பொட்டு.

நாலையும் ஒரே புட்டியில் போட்டால் வேலை மிச்சம்தானே என்று சிலருக்குத் தோன்றும். அப்படிப் போடாமல், ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தின் பெயரெழுதித் தனித்தனியே அனுப்பும் அந்தக் கவனமே எனக்கு முதல் அழகு. பாலிப்புக்குத் தன் ஊர் முக்கியம். ஒரே முகச்சாயல் உள்ள இரண்டு பாலிப்கள் வலப்பக்கத்தில் ஒரு பொருளும் மலக்குடலில் வேறு பொருளும் தரும். அதைப் பின்னால் பார்க்கத்தான் போகிறோம்.

முதலில் எடுத்த விதத்தைப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் பாலிப்பை மின்சாரம் பாய்ச்சாமல் எடுத்திருக்கிறார்கள். மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று குழாய் வழியாக வந்து விரிகிறது. பாலிப்பின் விளிம்பை ஒட்டி இறுக்காமல், அதைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வளைத்து, மெதுவாக இறுகி, வெட்டுகிறது. இலேசாக இரத்தம் கசியும், தானே நிற்கும். சேர்த்தெடுத்த அந்த மெல்லிய நல்ல தோல் விளிம்புதான் வெட்டியவருடைய கைநயம். கண்ணாடித் தகட்டில் அதைப் பார்க்கும்போது எனக்கு முகம் தெரியாத அந்த மருத்துவர்மீது மரியாதை வருகிறது. நடுவில் கோளாறான திசு, இருபுறமும் சாந்தமான இயல்புத் திசு. எதையும் விட்டுவைக்காமல் எடுத்தார் என்பதற்கு அதைவிட நேர்த்தியான சாட்சி இல்லை.

12 மில்லிமீட்டர் பாலிப்புக்குக் காம்பு உண்டு. காம்புக்குள் இரத்தக் குழாயும் உண்டு. அதனால் அங்கே மின்சாரம் பாய்ச்சிய சுருக்கு. வெட்டிய இடத்தில் சூடுபட்டுச் சுருண்ட ஒரு கருகல் கோடு விழும். கருகல் என்றால் அழகில்லை என்று நினைக்க வேண்டாம். காம்பு ஃபார்மலினில் உள்ளிழுத்துக்கொண்டுவிடும். எது வெட்டு முனை, எது பக்கவாட்டு என்று பிறகு குழம்பும். அந்தக் கருகல் கோடுதான் ‘இங்கேதான் வெட்டினார்கள்’ என்று விரல்நீட்டிக் காட்டுகிறது. போதாததற்கு ஆய்வகத்திலும் அந்த முனையில் மை தொட்டு வைப்போம். பிறகு காம்பின் நடுவாக, தலையிலிருந்து அடிவரை நீளவாக்கில் அறுப்போம். குறுக்கே அறுத்துவிட்டால் தலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் என்று உறவு அறுந்துவிடும். நேராக அறுத்த துண்டில் மட்டுமே தலையும் கழுத்தும் வேரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஃபார்மலினில் ஓரிரவு ஊறி, சாராயத்தில் நீர் வடிந்து, மெழுகில் புதைந்து, மைக்ரோடோம் கத்தியில் மூன்று நாலு மைக்ரான் தடிமனுக்குச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறி அது நம் முன் வருகிறது. முதலில் ஓரத்திலுள்ள நல்ல குடல் தோலைப் பார்ப்போம். சோதனைக் குழாய்களை நெருக்கி நிறுத்தினாற்போல நேர் நேராகச் சுரப்பிக் குழிகள். ஒவ்வொரு குழியின் சுவரிலும் வெளிர்நீலக் கோழைத் துளியை ஏந்தி நிற்கும் செல்கள். அவற்றின் உட்கருக்கள் சிறியவை, உருண்டையானவை, எல்லாம் அடித்தளத்தோடு ஒட்டி அடக்கமாக உட்கார்ந்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஒழுங்கு அது.

இப்போது தகட்டை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். ஒழுங்கு கலைகிறது. உட்கருக்கள் நீண்டு, கறுத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கோழைத் துளிகள் குறைந்துவிட்டன. குழியின் அடியில் பிறந்து மேலே வர வர முதிர்ந்து அடங்க வேண்டிய செல்கள், மேற்பரப்பு வரைக்கும் வந்தும் முதிராமலே இருக்கின்றன. இதுதான் அடினோமா. கலைந்த இடமும் கலையாத இடமும் சந்திக்கும் எல்லை சில வேளை ஒரே குழிக்குள் விழும். இந்தச் செல் நல்லது, பக்கத்துச் செல் கெட்டது என்று கோடு கிழித்தாற்போல மாறும். அந்தக் கூர்மையான திருப்பத்தில் கண் வைத்துச் சற்றே நிற்காமல் என்னால் நகர முடிந்ததில்லை. முதல் புட்டியில் இருந்தது இதுதான். குழிகள் குழாய் வடிவில் இருப்பதால் டியூபுலர் அடினோமா. செல்களின் கலைவு மிதமாக இருப்பதால் தாழ்நிலை டிஸ்பிளேசியா.

இரண்டாம் புட்டியில் ஒரு வேடிக்கை. பாலிப் என்று நினைத்து எடுத்தது தகட்டில் இயல்பான குடல் தோலாக இருக்கிறது. நடுவே நிணநீர்ச் செல்களின் ஒரு சிறு திரள், மேலே தோலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கிறது. அவசரக்காரர் அதோடு ‘இயல்பு’ என்று எழுதி முடித்துவிடலாம். நல்ல ஆய்வகத்தில் அப்படிச் செய்வதில்லை. மெழுகுக் கட்டியை மறுபடி கத்தியில் ஏற்றி, இன்னும் ஆழமான அடுக்குகளைச் சீவிப் பார்ப்பார்கள். கத்தி இன்னும் தொடாத ஆழத்தில் ஒரு துளி அடினோமா ஒளிந்திருக்கலாமே! அப்படிச் சீவும்போது வெளிப்பட்ட அடினோமாக்கள் உண்டு. இங்கே ஆழத்திலும் இயல்புதான். இந்தச் சின்னப் பொட்டுக்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு என்பீர்கள். எண்ணிக்கைக்காக. அதன் விலை என்ன என்று கணக்குப் போடும் இடத்தில் தெரியும்.

நாலாம் புட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் அழகில் அது குறைந்ததல்ல. குழிகளின் மேல்பாதி மட்டும் ரம்பப் பல்லாக நெளிந்திருக்கிறது; கீழே போகப் போகக் குறுகி, அடியில் மெலிந்து முடிகிறது. ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். மலக்குடலில் இப்படிச் சின்னதாக இருந்தால் அடுத்த தேதியை அது தொடுவதேயில்லை. இதே ரம்பப் பல் வலப்பக்கக் குடலில் வந்து, குழியின் அடி குறுகாமல் பக்கவாட்டில் விரிந்து, காலணிபோல் மடங்கியிருந்தால் அதன் பெயரே வேறு: தட்டையான ரம்பப்பல் பாலிப். அது புற்றுக்குப் போகும் இன்னொரு பாதை. அடினோமாவைப்போலவே எண்ணி, அளந்து, தேதி குறிக்க வேண்டியது. வித்தியாசம் முழுக்கக் குழியின் அடியில் இருக்கிறது. அதனால்தான் ரம்பப்பல் தெரிந்தவுடன் எங்கள் கண் தானாகவே கீழே இறங்கும்.

இனி மூன்றாம் புட்டி. ரிப்போர்ட்டின் உயிர் இங்கே இருக்கிறது.

தலைப்பகுதியில் குழாய்வடிவக் குழிகளுக்கு நடுநடுவே நீண்டு மெலிந்த விரல்கள் மேலெழுகின்றன. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் இழைபோல ஒரு தண்டு, அதைப் போர்த்திய கறுத்த செல்கள். வில்லஸ் என்று சொல்லப்படும் அமைப்பு. மொத்தப் பரப்பில் இது கால்பங்கைத் தாண்டினால் டியூபுலோவில்லஸ், முக்கால்பங்கைத் தாண்டினால் வில்லஸ் அடினோமா. கால்பங்கு என்று சொல்வது எளிது; தகட்டில் கோடு போட்டு யாரும் அளப்பதில்லை, கண்ணால் மதிப்பதுதான். விளிம்பில் நிற்கும் பாலிப்பை ஒருவர் டியூபுலர் என்பார், அடுத்த அறையில் இருப்பவர் டியூபுலோவில்லஸ் என்பார். இருவரும் தேர்ந்தவர்களே. நம் பாலிப்பில் விரல்கள் சந்தேகத்துக்கு இடமின்றிப் பாதியளவு இருக்கின்றன.

அதற்கும் கீழே, காம்புக்குள், இன்னொரு காட்சி. அடினோமாக் குழிகள் சில தங்கள் எல்லைத் தசையைத் தாண்டி உள்ளே கிடக்கின்றன. முதல் பார்வைக்கு நெஞ்சு திக்கென்றாகும். எல்லை தாண்டினால் புற்று என்பதுதானே பாடம்? ஆனால் பொறுமையாகப் பாருங்கள். உள்ளே கிடக்கும் குழிகள் தனியாக அலையவில்லை. தங்களைச் சுற்றியிருக்கும் மென்திசுவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. கூட்டத்தின் வெளிவிளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கிறது. செல்களின் கலைவு மேலே தலையில் உள்ளதைவிடக் கூடவில்லை. அருகிலே பொன்னும் பழுப்புமாகச் சிதறிய துகள்கள்: பழைய இரத்தக் கசிவின் இரும்புக் கறை. கதை விளங்குகிறது. சிக்மாய்டு குடல் வலுவாகச் சுருங்கி விரிவது. அங்கே காம்போடு தொங்கும் பாலிப் காலமெல்லாம் முறுக்குண்டு, இழுபட்டு, இரத்தம் கசிந்து, தன் குழிகளில் சிலவற்றைத் தன் காம்புக்குள்ளேயே திணித்துக்கொண்டிருக்கிறது. ஊடுருவல் இல்லை, இடமாற்றம். உண்மையான புற்று ஊடுருவும்போது மென்திசுத் துணையிருக்காது. கூரான, கோணலான சுரப்பிகள் இறுகிய நார்த்திசுவுக்குள் தனித்து நிற்கும். அந்தப் பழுப்புத் துகள்களைக் கவனித்த கண் ஒருவரை வேண்டாத அறுவைச் சிகிச்சையிலிருந்து காப்பாற்றிவிடும். சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு மருத்துவரிடம் தகட்டை நீட்டிக் கேட்பதும் இந்தத் தொழிலின் பண்புதான்.

டிஸ்பிளேசியா இங்கும் தாழ்நிலையே. உயர்நிலை என்றால் செல்கள் மேல்கீழ் மறந்து புரண்டிருக்கும். குழிக்குள் குழி திறந்து சல்லடைக் கண்களாகியிருக்கும். அப்படி இல்லை. காம்பின் வெட்டுமுனையில், கருகல் கோட்டுக்கு அருகே, அடினோமா இல்லை. ஆகவே ரிப்போர்ட்டின் மூன்றாவது வரி இப்படி வந்து நிற்கிறது: டியூபுலோவில்லஸ் அடினோமா, தாழ்நிலை டிஸ்பிளேசியா, வெட்டுமுனையில் பாதிப்பில்லை. எவ்வளவு பார்த்து, எவ்வளவு யோசித்து, எவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறார்கள்!

இப்போது தேதிக்கு வருவோம். அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக்கொள்கிறேன். பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள அடினோமா ஒன்று இருந்தாலும் 3 ஆண்டு. டியூபுலோவில்லஸ் அல்லது வில்லஸ் அமைப்பு இருந்தாலும் 3. உயர்நிலை டிஸ்பிளேசியா இருந்தாலும் 3. நம்மவருடைய மூன்றாம் பாலிப் அளவாலும் அமைப்பாலும் இரண்டு முறை அந்தக் கதவைத் தட்டிவிட்டது. அடுத்த கொலோனோஸ்கோபி மூன்று ஆண்டில்.

ஆனால் இந்தக் கணக்கின் நயம் தெரிய வேண்டுமானால் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் பாலிப் 12 இல்லாமல் 8 மில்லிமீட்டராக, விரல்களே இல்லாத டியூபுலராக இருந்திருந்தால்? முதல் புட்டியோடு சேர்த்து இரண்டு சிறிய டியூபுலர் அடினோமா. இடைவெளி 7 முதல் 10 ஆண்டுகள். இப்போது அந்த இரண்டாம் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமாகச் சீவியபோது அதில் அடினோமா கிடைத்திருந்தால் எண்ணிக்கை மூன்றாகும். மூன்று நாலு சிறிய அடினோமாக்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகள். ஒரு பொட்டுக்குள் ஒளிந்திருக்கும் சில குழிகள் ஒருவருடைய அடுத்த தேதியை நாலைந்து ஆண்டுகள் முன்னுக்கு இழுக்கும். மெழுகுக் கட்டியை மறுபடி கத்தியில் ஏற்றியதன் விலை அது.

அளவும் அப்படியே. 9 என்று எழுதுவதா 10 என்று எழுதுவதா? குழாயின் நுனிக் கண்ணாடி பொருளை அகட்டிக் காட்டும்; முழு எண்மீது மனித மனத்துக்கு இயல்பாகவே ஒரு சாய்வும் உண்டு. அதனால் கவனமான மருத்துவர் வாயைத் திறந்த இடுக்கியையோ விரித்த சுருக்கையோ பாலிப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அந்தக் காட்சியைப் படமும் எடுத்துக்கொள்வார். பாலிப் முழுசாக வந்தால் எங்கள் அளவுகோலும் சாட்சி சொல்லும். நொறுங்கி வந்தால் உள்ளே பார்த்தவர் சொன்னதே கணக்கு.

மூன்று ஆண்டு என்ற எண்ணும் சும்மா வந்து உட்காரவில்லை. அமெரிக்காவில் சிட்னி வினவர் தலைமையில் நடந்த தேசிய பாலிப் ஆய்வில் அடினோமா எடுக்கப்பட்டவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு ஓராண்டிலும் மூன்றாண்டிலும் பரிசோதனை. மற்றொன்றுக்கு மூன்றாண்டில் மட்டும். 1993இல் முடிவு வந்தது. கவலைப்பட வேண்டிய வகை அடினோமா இரண்டு அணியிலும் சரிசமமாக 3.3 சதவீதம் பேருக்கே இருந்தது. இடையில் ஒருமுறை குடலைக் கழுவிக் குழாய் விட்டதில் கூடுதல் பலன் ஒன்றுமில்லை. தேவையற்ற ஒரு பரிசோதனையை இவ்வளவு தெளிவாக விலக்கிய ஆராய்ச்சி எனக்கு மிகப் பிடித்தமானது. அதற்குப் பிறகும் எண்கள் நெகிழ்ந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றிரண்டு சிறிய அடினோமாவுக்கு 2012இல் 5 முதல் 10 ஆண்டு என்றிருந்தது. 2020இல் 7 முதல் 10 ஆயிற்று.

ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் தாராளம். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த, தாழ்நிலை டிஸ்பிளேசியா உள்ள அடினோமா நாலு வரை இருந்தாலும் தனிக் கண்காணிப்பே வேண்டாம் என்கிறது. வில்லஸ் விரல்களையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. கால்பங்கு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை என்பதைப் பார்த்தோமே, அதற்குப் பிறகு இந்த முடிவில் எனக்கு வியப்பில்லை. நம்மவருக்கோ இந்த இரண்டு கணக்கிலும் விடை ஒன்றுதான்: 12 மில்லிமீட்டர் இருப்பதால் ஐரோப்பாவிலும் 3 ஆண்டு.

இவ்வளவும் பயாப்ஸித் தாள் சொல்வது. அதற்கு ஒரு ஜோடித் தாள் உண்டு: கொலோனோஸ்கோபி ரிப்போர்ட். குடல் சுத்தமாக இருந்ததா, குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, பாலிப் ஒரே துண்டாக வந்ததா என்று அது சொல்லும். குடல் சரியாகக் கழுவப்படாமல் இருந்தால் நுண்ணோக்கியில் பார்த்த அத்தனை நயமும் வீண். பார்க்காமல் விட்டதைப் பற்றித் தகடு எதுவும் பேசாது. அப்போது ஓராண்டுக்குள் மறுபடி பார்ப்பார்கள். 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பெரிய பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால், பயாப்ஸி எவ்வளவு சாந்தமாக இருந்தாலும் 6 மாதத்தில் அந்தத் தழும்பைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே பரிசோதனையில் பத்துக்கு மேல் அடினோமா இருந்தால் ஓராண்டு. பரம்பரைக் காரணம் உண்டா என்ற விசாரணையும் கூட வரும். குடும்பத்தில் குடல் புற்று உள்ளவர்களுக்கும், நெடுநாள் குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் நான் சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வேறு அட்டவணை.

மூன்றாண்டு கழித்து நம்மவர் வந்து, குடல் சுத்தமாக, ஒன்றுமில்லாமல் இருந்தால் அடுத்த தேதி ஐந்தாண்டு தள்ளிப் போகும். அப்போது அந்த மருத்துவர் முதலில் கேட்பது பழைய இரண்டு தாள்களையும்தான். ஆகவே கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த தேதி அதில் எழுதப்படாமல் இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன்பே மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறி அப்படியே நீடித்தாலோ தேதியைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள். தாளில் உள்ள இடைவெளி, தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டது.